இரண்டு நிமிடமும் ஒரு பென்சில் புள்ளியும்

கேள்வி: எங்கள் பிரிவில் 19 பேர். எனக்கு 11 வருட மூத்தவராக இருந்து வேலை கற்றுக்கொடுத்த சக ஊழியர் போன சனிக்கிழமை இரவு திடீரென்று இறந்துவிட்டார். வயது 46. வெள்ளிக்கிழமை மாலை வரை எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார். வரும் வியாழக்கிழமை பிரிவுக் கூட்டத்தில் அவரைப் பற்றி நான் பேச வேண்டும். எழுத உட்கார்ந்தால் 'ஈடு செய்ய முடியாத இழப்பு', 'மறைந்தாலும் நம் நெஞ்சில் வாழ்கிறார்' என்று எல்லோரும் சொல்வதுதான் வருகிறது. எழுதியதை வாசித்தால் அதில் அவர் இல்லவே இல்லை. நீட்டிப் பேசவும் விருப்பமில்லை. பேசும்போது குரல் உடைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசினோம். அன்று பேசியதையும், நாம் சேர்ந்து எழுதி முடித்த உரையையும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி. பணியிடங்களில் பேச்சுப் பயிற்சி தருவதுதான் என் வேலை. மற்ற எந்தப் பேச்சுக்கும் எனக்கு இவ்வளவு கடிதங்கள் வருவதில்லை. எல்லாக் கடிதமும் அவசரத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் தூங்கியிருக்க மாட்டார் என்பது வரிகளிலேயே தெரியும்.

நீங்கள் அனுப்பிய முதல் வரைவில் எட்டு வாக்கியங்கள் இருந்தன. 'அனைவரிடமும் அன்பாகப் பழகக்கூடியவர்', 'எப்போதும் சிரித்த முகம்', 'கடமையே கண்ணாக உழைத்தவர்', 'அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தை யாராலும் நிரப்ப முடியாது'. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் நான் உங்களை ஒன்று செய்யச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அவர் பெயரை எடுத்துவிட்டு, உங்கள் அலுவலகத்தில் உயிரோடு இருக்கும் வேறு யாருடைய பெயரையாவது அங்கே போட்டு வாசிக்கச் சொன்னேன். நீங்கள் வாசித்தீர்கள். எட்டு வாக்கியமும் அந்த ஆளுக்கும் அப்படியே பொருந்தியது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இந்தச் சொற்றொடர்களை நான் திட்ட மாட்டேன். அதிர்ச்சியில் இருக்கும் மனதுக்கு அவை கைப்பிடிச் சுவர் மாதிரி. குடும்பத்துக்கு அனுப்பும் இரங்கல் கடிதத்தில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒரு வரி இருப்பதில் தப்பே கிடையாது, படிப்பவர்களும் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் நின்று பேசுவது வேறு. எதிரே இருக்கும் 18 பேருக்கும் அந்த மனிதரைத் தெரியும். அவர் நடந்து வரும் சத்தம்கூடத் தெரியும். அவர்களிடம் போய் யாருக்கும் பொருந்தும் வாக்கியத்தைச் சொன்னால், இவ்வளவு நாள் பக்கத்தில் இருந்தவரை நீங்கள் பார்க்கவே இல்லையோ என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

அதனால்தான் தொலைபேசியில் அவர் எப்படிப்பட்டவர் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் குணங்களின் பட்டியல்தான் வரும். நான் கேட்டது, 'வெள்ளிக்கிழமை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?' நீங்கள் சொன்னீர்கள்: 'வழக்கம்போல அறிக்கைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.' 'எப்படிச் சரிபார்ப்பார்?' 'தப்பு இருந்தால் திருப்பிக் கொடுப்பார்.' 'திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொல்வார்?' இந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் நிறுத்தி யோசித்தீர்கள். 'ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பு இருக்கும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார். நாமே கண்டுபிடித்துத் திருத்திவிட்டுப் புள்ளியை அழித்துவிடலாம்.'

உரை அந்த இடத்தில் கிடைத்துவிட்டது. அன்பானவர், பொறுமைசாலி, யாரையும் புண்படுத்தாதவர் என்று தனித்தனியாகச் சொல்ல நினைத்த மூன்றும் அந்தப் புள்ளிக்குள் இருக்கிறது. கேட்பவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு வந்த புள்ளிகளை நினைத்துக்கொள்வார்கள்.

இப்படி ஒரு காட்சியைத் தேடும்போது பெரிய சம்பவங்களுக்குப் போகாதீர்கள். பதவி உயர்வு, விருது, அவர் ஒருமுறை எல்லோரையும் காப்பாற்றிய நெருக்கடி இதெல்லாம் பணிநிறைவு விழாவுக்கு ஏற்றவை. திடீர் மரணத்தில் மனம் சுற்றிச் சுற்றி வருவது அன்றாடத்தைத்தான். நேற்று இருந்த நாற்காலி, நேற்று கேட்ட குரல், நேற்று திருப்பிக் கொடுத்த காகிதம். அதனால் தினமும் நடந்த, யாரும் பெரிதாகக் கவனித்துப் பேசாத ஒன்றைத் தேடுங்கள். உங்களுக்கே கிடைக்கவில்லை என்றால் அவரோடு நெருங்கி வேலை பார்த்த இரண்டு, மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். 'அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்' என்று கேட்டால் அவர்களும் சிரித்த முகத்தைத்தான் சொல்வார்கள். 'அவர் உங்கள் இருக்கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வார்?', 'எதற்காக அவரைத் தேடிப் போவீர்கள்?', 'கடைசியாக அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்ன?' என்று கேளுங்கள். கையும் காலும் அசையும் கேள்விக்குத்தான் காட்சி பதிலாக வரும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று பேரிடம் கேட்டால் மூன்று காட்சிகள் கிடைக்கும், மூன்றையும் சேர்க்க ஆசை வரும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் சொன்னவர்களிடமே விட்டுவிடுங்கள். கூட்டம் முடிந்து நாலு பேர் நின்று பேசும்போது அவற்றை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அடுத்து, முதல் வாக்கியம். உங்கள் வரைவு 'கனத்த இதயத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்' என்று தொடங்கியது. அதில் முதலில் தெரிவது நீங்கள். முதல் வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். யார், எப்போது, என்ன. எல்லோருக்கும் தெரிந்த செய்திதானே என்று விடக்கூடாது. திடீர் மரணத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி கேள்விப்பட்டிருப்பார்கள். பொறுப்பில் இருக்கும் ஒருவர் வாயால் ஒருமுறை தெளிவாகக் கேட்டால்தான் மனம் அதை நம்பத் தொடங்கும்.

எந்தச் சொல்லால் சொல்வது? 'இறந்துவிட்டார்', 'காலமானார்' இரண்டுமே சரி. 'இயற்கை எய்தினார்' நிறைவாழ்வு வாழ்ந்தவருக்குச் சொல்லிப் பழகிய சொல், 46 வயதில் திடீரென்று போனவருக்குச் சொன்னால் காதில் இடறும். 'இறைவனடி சேர்ந்தார்', 'ஆன்மா சாந்தியடையட்டும்' என்பவை ஒரு நம்பிக்கையைச் சேர்ந்தவை. அவருடைய நம்பிக்கை அதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் அந்த அறையில் எல்லோருக்கும் பொதுவான சொல்லே நல்லது. 'நம்மைவிட்டுப் போய்விட்டார்' என்பதைத் தவிர்க்கச் சொன்னேன். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் நாம் அதையேதான் சொல்கிறோம். விடுப்பிலிருந்து அன்றைக்குத்தான் திரும்பிய ஒருவர் கூட்டத்தில் இருந்தால் ஒரு நொடி குழம்பிப் போவார். அந்த ஒரு நொடி அவருக்குப் பிற்பாடு ரொம்ப நாள் உறுத்தும்.

எப்படி இறந்தார் என்பதைக் குடும்பம் சொல்லச் சம்மதித்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். நீங்கள் அவருடைய மனைவியிடம் நேரடியாகக் கேட்டதும், 'உடம்பு முடியாமல் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று அவர் சொன்னதும் நல்லதாயிற்று. அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், முன்பே அறிகுறி இருந்ததா என்பதெல்லாம் உரைக்குள் வந்தால், கேட்பவர்கள் அவரை விட்டுவிட்டு அந்த இரவைக் கற்பனை செய்யத் தொடங்குவார்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது தற்கொலையால் ஒருவரை இழந்த இடத்தில் பேச வேண்டியிருந்தால், கூடுதலாக ஒன்று. எந்த முறையில், எந்த இடத்தில் என்பதைச் சொல்லாதீர்கள். இதுதான் காரணம் என்று ஒற்றைக் காரணத்தைக் காட்டாதீர்கள். 'இப்போதாவது அவருக்கு நிம்மதி கிடைத்தது' என்று சொல்லவே சொல்லாதீர்கள். அதே வேதனையில் இன்னொருவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கலாம், அந்த வாக்கியம் அவர் காதில் ஒரு வழியைப் போல விழும். கூட்டத்துக்குப் பிறகு யாரிடம் போய்ப் பேசலாம் என்பதைப் பெயரும் எண்ணும் சொல்லி அறிவிக்க வேண்டும்.

உங்கள் வரைவிலிருந்து ஒரு வரியை நான் கட்டாயம் எடுக்கச் சொன்னேன். 'ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், கடைசி நாள் மாலை வரை உழைத்தவர்.' நீங்கள் அதைப் பெருமையாகத்தான் எழுதியிருந்தீர்கள். பல வருடங்களுக்கு முன்பு ஓர் அலுவலகத்துக்கு நான் இப்படி ஓர் உரையை எழுதிக் கொடுத்தேன். திடீரென்று இறந்தவர், நடுத்தர வயது. 'விடுப்பு என்ற சொல்லே அவர் அகராதியில் கிடையாது' என்று நான் எழுதியதை மேலாளர் அப்படியே வாசித்தார். முன்வரிசையில் இறந்தவருடைய மகள் இருந்தாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள், கோபப்படவில்லை. 'அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே' என்றாள். அவ்வளவுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அன்றிலிருந்து உழைப்பைப் புகழும் வரி எந்த இரங்கல் உரையில் வந்தாலும் குடும்பத்தின் காதால் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன். அந்த உழைப்பு எதனால் வந்தது, எதில் போய் முடிந்தது என்ற கேள்வி அவர்கள் வீட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும். அவர் எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்பதை விட்டுவிட்டு எப்படிச் செய்தார் என்று சொன்னால் அந்த இடத்தைத் தொடாமல் போய்விடலாம். பென்சில் புள்ளி அந்த வகையைச் சேர்ந்தது.

சரி, உரைக்கு வருவோம். மூன்றாவது முறை திருத்தியபிறகு நம்மிடம் நின்றது இதுதான். பெயர் வரும் இடத்தில் அப்படியே குறித்திருக்கிறேன்.

"சனிக்கிழமை இரவு (பெயர்) இறந்துவிட்டார். உடம்பு முடியாமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலை இந்த அறையில்தான் இருந்தார். எனக்கு இன்னும் மனதில் ஏறவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஓர் அறிக்கையில் கூட்டுத்தொகையைத் தப்பாகப் போட்டுவிட்டேன். அது என் மேசைக்குத் திரும்பி வந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. நாலாவது பக்கத்தில், ஒரு வரிக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. தப்பை நானே கண்டுபிடித்தேன். திருத்தினேன். புள்ளியை அழித்தேன். வேறு யாருக்கும் தெரியாது.

நம் எல்லோருக்கும் அவர் அப்படித்தான் செய்வார். ஏன் பேனாவால் எழுதக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். 'பேனா அழியாதே' என்றார்.

அவர் நிதானமாகத்தான் பார்ப்பார். அவசரத்தில் நம்மில் சிலர் அவரிடம் கோபப்பட்டிருக்கிறோம். நானும் கோபப்பட்டிருக்கிறேன்.

நேற்று அவருடைய மனைவியிடம் பேசினேன். நம் பெயர்கள் எல்லாமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் சொல்வாராம்.

வெள்ளிக்கிழமை அவர் திருப்பிக் கொடுத்த கோப்பு என் மேசையில் இருக்கிறது. அதில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன.

ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்."

நிதானமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. இதற்குமேல் தேவையில்லை. அதிர்ச்சியில் இருப்பவர்களால் நிறைய வாங்கிக்கொள்ள முடியாது. அஞ்சாவது நிமிடத்தில் அவர்கள் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், அழாமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருப்பார்கள்.

கோபப்பட்டதைச் சொல்லும் வரியை எடுத்துவிடலாமா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். திடீர் மரணத்தில் வழக்கமாக ஒருவராவது இருப்பார், கடைசியாகப் பேசியது சண்டையாக முடிந்த ஒருவர். உங்கள் பிரிவிலும் அப்படி ஒருவர் இருப்பதைப் பேச்சுவாக்கில் நீங்களே சொன்னீர்கள். மற்றவர்கள் வரிசையாகப் புகழும்போது அவர் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல உணர்வார். 'நானும் கோபப்பட்டிருக்கிறேன்' என்று நீங்கள் சொன்னால் அவர் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள். அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அவர் பக்கம் பார்க்கவும் வேண்டாம். அப்புறம், அந்த வரி இறந்தவருக்கும் நியாயம் செய்கிறது. நிதானமாகப் பார்ப்பவர் என்றால் காத்திருந்தவர்களுக்கு அது எரிச்சலாகவும் இருந்திருக்கும். அதை மறைத்தால் அவர் படத்தில் இருப்பவராகிவிடுவார்.

வினைச்சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வாசிக்கும்போது தடுமாறும் இடம் இதுதான். நேற்றுவரை 'பார்க்கிறார், சொல்கிறார்' என்று பேசிய வாய் இன்று 'பார்த்தார், சொன்னார்' என்று மாற மறுக்கும். நடுவில் 'இருக்கிறார்' என்று வந்துவிட்டால் உங்களுக்கே தூக்கிவாரிப்போடும், குரல் அங்கேயே உடையும். தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 'செய்வார், சொல்வார், வைப்பார்' என்ற வடிவம் வழக்கத்தைச் சொல்கிறது. முடிந்துபோனதையும் சொல்லும், அடித்து மூடிவிடாமலும் சொல்லும். தாத்தாவைப் பற்றிப் பேசும்போது 'இந்தத் திண்ணையில்தான் உட்காருவார்' என்கிறோமே, அதே வடிவம். அவருடைய பழக்கங்களை அதில் சொல்லுங்கள். ஒரே ஒருமுறை நடந்ததை மட்டும் 'கேட்டேன், என்றார்' என்று சொல்லுங்கள். உரையில் அப்படித்தான் பிரித்திருக்கிறோம்.

'அன்னார்', 'மறைந்த திரு' போன்றவற்றையும் எடுத்துவிட்டோம். தினமும் எப்படிக் கூப்பிட்டீர்களோ அந்தப் பெயரை ஒருமுறை சொன்னால் போதும், பிறகு 'அவர்'.

கடைசி வரிகளில் நீங்கள் ஒன்று சேர்த்திருந்தீர்கள்: 'அந்த மூன்று புள்ளிகளும் நமக்கு அவர் விட்டுச்சென்ற பாடம்.' அதை நான் அடித்துவிட்டேன், நீங்கள் வருத்தப்பட்டீர்கள். புள்ளிகள் இருக்கின்றன என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மனம் தானாகவே அந்த மேசைக்குப் போகும். பாடம் என்று சொன்னதும் திரும்பி வந்துவிடும். உயிர் போனதிலிருந்து பாடம் எடுக்கும் நிலையில் அன்றைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். இதே காரணத்துக்காகத்தான் 'நாம் உறுதியோடு இருக்க வேண்டும்', 'அவர் கனவை நிறைவேற்றுவோம்' என்பதெல்லாமும் இல்லை. உங்கள் அப்பா இறந்த அனுபவத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். அது உங்களுக்குள் கிளறியிருப்பது இயல்புதான். ஆனால் இந்த இரண்டு நிமிடம் அவருடையது. அப்பாவைப் பற்றி என்னிடம் எப்போது வேண்டுமானாலும் பேசுங்கள்.

இப்போது கூட்டத்தைப் பற்றி. உங்கள் மேலாளர் அதே கூட்டத்தில் அவருடைய வேலைகளை யார் பார்ப்பது என்று அறிவிக்க நினைத்தார் என்றீர்கள். அது அவசியமான விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மூச்சில் வேண்டாம். மௌனம் முடிந்து உட்கார்ந்ததும் 'அடுத்ததாக' என்று தொடங்கினால், நான் போனாலும் இப்படித்தான் என்று அத்தனை பேரும் நினைப்பார்கள். இரங்கலுக்கு ஒரு கூட்டம், அது அதோடு கலையட்டும். வேலைப் பங்கீட்டை மறுநாள் சம்பந்தப்பட்டவர்களோடு மட்டும் பேசலாம். மறுநாள் வரை தள்ள முடியாது என்றால், இரங்கல் முடிந்து எல்லோரும் வெளியே போய்விட்டு அரைமணி கழித்துத் திரும்பி வரட்டும். அவருடைய இருக்கை, மேசை, உள்ளே இருக்கும் பொருட்கள் இவற்றை யார், எப்போது எடுப்பது என்பதும் அன்றைக்கு யாரும் தொடக்கூடாத பேச்சு. குடும்பத்தைக் கேட்காமல் ஒரு பென்சிலைக்கூட நகர்த்த வேண்டாம்.

ஒரு நிமிட மௌனம் சின்ன விஷயம் போலத் தெரியும், அதில்தான் பல கூட்டங்கள் சங்கடமாகிவிடும். 60 நொடி என்பது கைக்கடிகாரம் இல்லாமல் நிற்பவருக்கு ரொம்ப நீளம். இருபதாவது நொடியில் பேசுபவரே பதறி 'நன்றி' என்று சொல்லி முடித்துவிடுவார். நேரம் பார்க்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். முடிந்ததும் அவர் உட்காரட்டும், அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்காருவார்கள். 'நன்றி' என்று சொல்லி முடிக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்து திரையில் சேர்ந்திருப்பவர்கள் இருந்தால் தொடங்கும் முன்பே எல்லோருடைய ஒலியையும் நிறுத்திவைக்கச் சொல்லிவிடுங்கள், மௌனத்தின் நடுவில் யார் வீட்டுக் கதவு மணியோ அடித்தால் அந்த மனிதர் நாள் முழுக்கக் கூனிக் குறுகிப்போவார்.

குரலைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். உடைந்தால் உடையட்டும் என்று சொல்லி நான் நழுவிவிட விரும்பவில்லை, ஏனென்றால் நிற்கப்போவது நீங்கள். உரையைத் தாளில் எழுதுங்கள், கைபேசியில் வேண்டாம். நீங்கள் நிறுத்தி மூச்சு வாங்கும் நேரத்தில் திரை அணைந்துவிடும், அல்லது வேறு ஏதாவது செய்தி மேலே வந்து விழும். எழுத்து பெரிதாக, ஒரு வரிக்கு ஒரு வாக்கியம், வாக்கியங்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி. கண்ணில் நீர் நிறைந்தாலும் விட்ட இடம் தெரிய வேண்டும்.

பிறகு வாய்விட்டு வாசியுங்கள், மனதுக்குள் வாசித்தால் கணக்கில்லை. முதல் தடவை வாசிக்கும்போது ஓர் இடத்தில் தொண்டை அடைக்கும். நீங்கள் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது நான் கவனித்தேன், 'வீட்டில் சொல்வாராம்' என்ற இடத்தில் உங்களுக்கு அடைத்தது. அந்த வரிக்கு முன்னால் தாளில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அங்கே வந்ததும் நிறுத்தி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உள்ளே இழுத்து, பிறகு தொடங்குங்கள். அழுகையை அடக்கும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், அதனால்தான் குரல் நசுங்குகிறது. மூச்சை வெளியே விட்டாலே பாதி சரியாகிவிடும். நாலைந்து தடவை வாசித்தபிறகு அதே இடம் உங்களுக்குப் பழகிய இடமாகிவிடும். அதற்குமேல் வாசிக்காதீர்கள். ஒப்பித்தலாகிவிட்டால் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

உரையின் இரண்டாவது பிரதியைப் பக்கத்தில் உட்காரும் ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து, 'நான் தாளைத் தாழ்த்தினால் நீங்கள் எழுந்து அந்த வரியிலிருந்து வாசியுங்கள்' என்று சொல்லிவையுங்கள். இப்படிச் செய்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் உண்மையில் அது தேவைப்பட்டிருக்கிறது. இன்னொருவர் கையில் பிரதி இருக்கிறது என்று தெரிந்தாலே கால் நடுக்கம் குறைந்துவிடும். அழுதுவிட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள். 'மன்னிக்கவும்' என்று நீங்கள் சொன்னால் அழுதுகொண்டிருக்கும் மற்றவர்களும் தாங்கள் ஏதோ தப்புச் செய்ததாக நினைப்பார்கள். நின்று, காத்திருந்து, அடுத்த வரியைப் படியுங்கள்.

கூட்டத்துக்கு அவருடைய குடும்பத்தினர் வரவில்லை என்றீர்கள். அப்படியானால் அந்தத் தாளை மடித்து ஓர் உறையில் போட்டு, அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோங்கள். தட்டச்சு செய்து அழகுபடுத்த வேண்டாம், நீங்கள் கையில் வைத்து வாசித்த அதே தாள், போட்ட கோட்டோடு. வெள்ளிக்கிழமை அவர் திருப்பிக் கொடுத்த கோப்பில் புள்ளி இருக்கும் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துச் சேர்த்துத் தரலாமா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அலுவலக ஆவணம் என்பதால் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எண்களை மறைத்து, அந்தப் புள்ளி மட்டும் தெரியும்படி பிரதி எடுத்தாலும் போதும். அவர் வீட்டில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.